பழைய போனை எந்தப் பக்கத்திலிருந்து நீக்க வேண்டும்? கார், ஹெட்போன் புளூடூத்தில் நடக்கும் தவறுகள்

ராணிப்பேட்டையில் ஒருவரிடம் பழைய கார் ஒன்றை வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆர்சி பெயர் மாற்றத்துக்கான படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டதால், வேலூரிலிருந்து மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு காரைக் கிளப்பிய சில நொடிகளில் ஸ்பீக்கரில் மணி ஒலித்தது. திரையில் ‘அம்மா வீடு’ என்று பெயர் வந்தது. என் போனில் அப்படி ஒரு பெயரே கிடையாது. அதில் அப்போது புளூடூத்தும் அணைந்திருந்தது. வண்டியை நிறுத்துவதற்குள் அவர் போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கு வந்தார். “தம்பி, அம்மா கூப்பிடுகிறார்கள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை” என்றார். அவருடைய அம்மாவின் குரல் என் காருக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

விற்ற அன்றே காரை நீக்கிவிட்டதாகத்தான் அவர் நினைத்திருந்தார். போனை வாங்கிப் பார்த்தேன். அவர் அழுத்தியது Disconnect. அது அந்த நேரத்து இணைப்பை மட்டும் துண்டிக்கும், போனில் உள்ள காரின் பதிவை அழிக்காது. அழிப்பது Forget அல்லது Unpair என்ற பொத்தான். பலரும் செய்யும் முதல் தவறு இதுதான்.

என் பக்கத்துத் தவறு அதைவிடப் பெரியது. வாங்கிய வாரத்திலேயே சத்துவாச்சாரியில் புது பேட்டரி போட்டேன். பேட்டரி ஒயரைக் கழற்றினால் எல்லாம் அழிந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டேன். கடிகார நேரம் மாறியது உண்மை. ஆனால் புளூடூத் பட்டியல் மின்சாரம் இல்லாமலும் நினைவில் நிற்கும் சிப்பில் இருப்பதால், அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு கருவிகள் முதல்முறை ஜோடி சேரும்போது தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை சந்திக்கும்போது யாரையும் கேட்காமல் அந்தச் சாவியைக் காட்டி இணைந்துவிடும். காரைக் கிளப்பியதும் பெரும்பாலான சிஸ்டங்கள் கடைசியாக இணைந்த போனைத் தேடும். அது கிடைக்காவிட்டால் பட்டியலில் உள்ள மற்ற போன்களைத் தேடும். பத்து மீட்டருக்குள் அவற்றில் ஒன்று இருந்தால் போதும். ராணிப்பேட்டையில் நடந்தது அதுதான்.

இரு பிரதிகளில் ஒன்றை அழித்தாலே மற்றது செல்லாததாகிவிடும். அப்படியானால் எதை அழிப்பது? அந்நியர் கையில் உள்ள போனை நம்மால் தொட முடியாது. ஆகவே நம்மிடம் இருக்கும் காரில், நம்மிடம் இருக்கும் ஹெட்போனில்தான் அழிக்க வேண்டும். தொலைந்த போனுக்கும் இதே கணக்குதான். புதுப் போனை இணைத்துவிட்டால் பழையது தானாகப் போய்விடும் என்று இருந்துவிடக் கூடாது.

அவர் வீட்டு வாசலிலேயே வேலையை முடித்தோம். கார் திரையில் செட்டிங்ஸ், அதில் புளூடூத், அதில் இணைந்த கருவிகளின் பட்டியல். ஐந்து பெயர்கள் இருந்தன. மூன்றில் வெறும் போன் மாடல் பெயர்தான் இருந்தது. எது யாருடையது என்றே தெரியவில்லை. அப்படிக் குழம்பினால் சந்தேகமில்லாமல் அனைத்தையும் நீக்கிவிட்டு, வீட்டாரின் போன்களைப் புதிதாகச் சேர்ப்பதே நல்லது. சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு போனின் புளூடூத் பெயரையும் மாற்றிக்கொண்டால் அடுத்த முறை இந்தக் குழப்பம் வராது. நீக்கிய பிறகு அவர் போனிலிருந்து கார் பெயரைத் தொட்டு இணைக்கச் சொன்னேன். இணைய மறுத்தது. பெயர் அவர் பட்டியலில் இன்னும் தெரிந்தாலும் சாவி செல்லவில்லை. நீக்கியது பலித்ததா என்பதற்கு இதைவிட நம்பகமான சோதனை இல்லை.

காரை விற்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இணைக்கும்போது தொடர்புகளைப் பகிரலாமா என்று போன் கேட்கும். சம்மதித்தால் பெயர்களும் எண்களும் அழைப்பு வரலாறும் காருக்குள் பிரதியாகும். பல கார்களில் போனை நீக்கினால் அதன் தொடர்புகளும் சேர்ந்து அழியும். ஆனால் தனியாகச் சேமித்த விருப்ப எண்களும், வரைபடத்தில் ‘வீடு’ என்று குறித்த முகவரியும் தங்கிவிடக்கூடும். ஆகவே விற்கும் நாளில் ஒவ்வொன்றாக நீக்குவதோடு நிற்காமல் Factory reset கொடுங்கள். போனிலும் காரை நீக்குங்கள். ஐபோனில் கார்ப்ளேவுக்குத் தனிப் பட்டியல் உண்டு. General பகுதியில் CarPlay என்பதைத் திறந்து Forget This Car கொடுக்க வேண்டும்.

ஹெட்போனில் திரை இல்லாததால் யார் யார் பட்டியலில் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை. நான் பயன்படுத்திய சோனி WH-1000XM4-ஐ அக்கா மகளிடம் கொடுத்தேன். என் போனில் அதை நீக்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். காட்பாடி வீட்டுக்கு அவள் வந்தபோது, அலமாரியில் கிடந்த என் பழைய டேப்லெட்டின் பாட்டு அவள் காதில் ஒலித்தது. அந்த மாடல் எட்டு கருவிகள் வரை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒன்பதாவது வந்தால்தான், நெடுநாளாக இணையாத கருவியின் இடத்தை அதற்குக் கொடுக்கும். முழுதாக அழிக்க, ஹெட்போனை அணைத்துவிட்டு, பவர் பொத்தானையும் CUSTOM பொத்தானையும் சேர்த்து ஏழு நொடிக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நீல விளக்கு நான்கு முறை மின்னினால் முடிந்தது. மற்ற மாடல்களுக்குப் பொத்தானும் நொடியும் வேறு. கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள். பவர் பொத்தானை மட்டும் நீளமாக அழுத்தினால், பல ஹெட்போன்களில் அது புதிய கருவியைச் சேர்க்கும் நிலைக்குத்தான் போகும், பழையது எதுவும் அழியாது.

அழித்தவுடன் ஹெட்போன் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் நிலையில் காத்திருக்கும். எண்ணைச் சரிபார்க்கத் திரை இல்லாததால் அருகில் இருப்பவர் முந்திக்கொள்ள முடியும். பஸ்ஸிலோ விடுதி அறையிலோ இதைச் செய்யாமல், வீட்டில் செய்து, அந்த நிமிடமே உங்கள் போனைச் சேர்த்துவிடுங்கள். காரில் இந்த ஆபத்து குறைவு. ஆறு இலக்க எண் கார் திரையிலும் போனிலும் தோன்றும். அவை ஒன்றுதானா என்று பார்க்காமல் சம்மதத்தை அழுத்துவதுதான் அங்கே செய்யும் தவறு.

மலிவு விலை இயர்பட்ஸ் பலவற்றில் பட்டியலை அழிப்பதும் போதாது. பெட்டியிலிருந்து எடுத்ததும் தெரிந்த போன் அருகில் இல்லையென்றால் அவை தாமாகவே எவரையும் சேர்க்கும் நிலைக்குப் போய்விடும். அப்படிச் சேர்ந்தவரால் பாட்டை ஒலிக்கவிட முடியும் என்பதோடு, அதன் மைக் வழியாக நம் பேச்சையும் கேட்க முடியும். இதற்கு நாம் செய்யக்கூடியது, முதலில் போனில் புளூடூத்தைப் போட்டுவிட்டு இயர்பட்ஸை வெளியே எடுப்பதும், பயன்படுத்தாதபோது பெட்டியில் வைத்து மூடிவிடுவதும்தான்.

ஆப்பிள் ஏர்பாட்ஸ் பழையதாக வாங்குகிறவர்கள், விற்பவர் தன் கணக்கின் Find My பட்டியலிலிருந்து அதை நீக்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். பொத்தானை அழுத்தி ரீசெட் செய்வதால் அந்தக் கணக்குத் தொடர்பு அறுபடாது. இணைய வசதியுள்ள கார்களிலும் அப்படித்தான்: புளூடூத் பட்டியல் காலியாக இருந்தாலும், முந்தைய உரிமையாளரின் செயலியில் கார் நிற்கும் இடம் தெரியலாம், சில மாடல்களில் கதவையே திறக்கலாம். அதை அவர் தன் கணக்கிலிருந்து நீக்க வேண்டும், அல்லது உங்கள் ஆர்சியைக் காட்டி அந்நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் மாற்றச் சொல்ல வேண்டும்.