இரண்டு வாக்கியத்தில் உங்கள் சேவையைச் சொல்வது: எங்கே தவறுகிறது, எப்படிச் சோதிப்பது

வீட்டுக்கே வந்து வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் ஒரு சிறு சேவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மெக்கானிக், ஒரு போன் நம்பர். விளம்பரத்தில் போடவும், விசாரிப்பவர்களுக்கு முதல் பதிலாக அனுப்பவும் இரண்டு வாக்கியம் தேவை. முதல் முயற்சி பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“தரமான, விரைவான, நம்பகமான வாஷிங் மெஷின் சர்வீஸ். வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்.”

இதை அப்படியே எதிராக மாற்றிப் படித்துப் பாருங்கள். “தரமற்ற, தாமதமான சர்வீஸ்” என்று யாராவது போர்டு வைப்பார்களா? மாட்டார்கள். அப்படியென்றால் இந்த அடைமொழிகளைப் படித்து யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவும் முடியாது. இன்னொரு சோதனையும் உண்டு. உங்கள் பெயரை எடுத்துவிட்டுப் போட்டியாளரின் பெயரைப் போடுங்கள். வாக்கியம் அப்படியே பொருந்தினால் அதில் உங்களைப் பற்றி எதுவுமே இல்லை என்று அர்த்தம்.

இரண்டு வாக்கியத்துக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. யாருக்கு, எந்தச் சிக்கலில் இருக்கும்போது, கடைசியில் என்ன கிடைக்கும் என்பதை முதல் வாக்கியம் சொல்ல வேண்டும். அதை ஏன் நம்பலாம், உங்களை விட்டால் அவர் போகக்கூடிய வேறு வழியைவிட இது எந்த விதத்தில் மேல் என்பதை இரண்டாவது சொல்ல வேண்டும். அந்த ‘வேறு வழி’ எப்போதும் இன்னொரு சர்வீஸ் கடையாகவே இருக்கும் என்று நினைப்பது பரவலான தவறு. கம்பெனி சர்வீஸ் சென்டர், தெரிந்த எலக்ட்ரீஷியன், புது மெஷின் வாங்கிவிடுவது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கையால் துவைப்பது எல்லாமே போட்டிதான்.

“15 ஆண்டு அனுபவம்” என்று இரண்டாவது வாக்கியத்தை நிரப்புகிறவர்கள் ஏராளம். அனுபவம் உங்கள் பக்கத்துச் சங்கதி. அதனால் அவருக்கு என்ன ஆகும் என்பதைச் சொன்னால்தான் அவர் காதில் விழும். அதேபோல ஃபிரிட்ஜ், ஏசி, மிக்ஸி என்று செய்யும் வேலை அனைத்தையும் முதல் வாக்கியத்தில் திணிக்காதீர்கள். அதிகம் வரும் ஒரு வேலையை மட்டும் வைத்து எழுதுங்கள். மற்றவற்றைக் கீழே ஒரு பட்டியலாகப் போட்டுக்கொள்ளலாம்.

சொற்களை உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. கடைசியாக வந்த 20, 30 விசாரிப்பு மெசேஜ்களைத் திறந்து, ஒவ்வொருவரும் முதலில் என்ன சொன்னார், பிறகு எதைக் கேட்டுத் தயங்கினார் என்று இரண்டு பத்தியில் எழுதுங்கள். நம் உதாரணத்தில் முதல் பத்தியில் “தண்ணி வெளியே போகல, துணி உள்ளேயே ஊறிக் கிடக்கு” என்பது போன்றவை திரும்பத் திரும்ப வரும். இரண்டாவதில் “பார்த்துட்டு எவ்வளவு சொல்வீங்க?”, “மெஷினை எடுத்துட்டுப் போயிடுவீங்களா?” என்பவை வரும். அதை வைத்து அடுத்த வரைவு:

“வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டதா? கூப்பிட்ட அன்றே சரிசெய்து தருகிறோம். செலவை முன்பே சொல்லி, நீங்கள் சம்மதித்த பிறகே வேலையைத் தொடங்குவோம்.”

கேள்வியோடு சேர்த்து எண்ணினால் மூன்று ஆகிவிட்டது. இந்தக் கட்டத்தில் அது பரவாயில்லை, கடைசியில் சுருக்கிக்கொள்ளலாம்.

பெரிய தவறுகள் நடப்பது இதற்குப் பிறகு, சோதிக்கும்போதுதான். எழுதியதை நண்பரிடமோ வீட்டாரிடமோ நீட்டி “எப்படி இருக்கு?” என்று கேட்பதுதான் வழக்கம். அந்தக் கேள்விக்கு “நல்லா இருக்கு” என்பதைத் தவிர வேறு பதில் வராது. கேட்பவர் மனம் நோகக் கூடாது என்றுதான் யாரும் பேசுவார்கள். “இதைப் பார்த்தா எங்களைக் கூப்பிடுவீங்களா?” என்பதும் பயனற்றதே. வராத நாளைப் பற்றி மனிதர்கள் தாராளமாக வாக்குக் கொடுப்பார்கள்.

சோதிக்க ஏற்றவர்கள் மூன்று வகை: கடந்த இரண்டு மூன்று மாதத்தில் உங்களிடம் வேலை கொடுத்தவர்கள், விசாரித்துவிட்டு வராமல் போனவர்கள், இதே பழுதுக்கு வேறு ஒருவரைக் கூப்பிட்டவர்கள். இரண்டாவது வகையை எல்லோரும் தவிர்க்கிறார்கள், ஆனால் அவர்களிடம்தான் விஷயம் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பேர் போதும்.

வாக்கியங்களை ஒரு சீட்டில் எழுதியோ போன் திரையிலோ காட்டுங்கள். ஒருமுறை படித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள். பிறகு மூன்றே கேள்விகள். “இவங்க என்ன செய்றாங்கன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க.” “இது யாருக்கு உதவும்?” “கூப்பிடுறதுக்கு முன்னாடி இன்னும் என்ன கேட்கத் தோணுது?” பதிலை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், உங்கள் நடையில் திருத்தி எழுதாதீர்கள். நடுவில் “அப்படி இல்லைங்க, நாங்க சொல்ல வர்றது...” என்று விளக்க ஆரம்பித்தால் அந்த ஆளிடம் சோதனை முடிந்துவிட்டது. விளம்பரத்தைப் படிக்கிறவர் பக்கத்தில் நின்று விளக்க நீங்கள் இருக்கப்போவதில்லை.

நம் வரைவுக்கு என்ன வரக்கூடும்? “இன்னைக்குக் கூப்பிட்டா இன்னைக்கே மெஷின் ஓடும்” என்று பலர் திருப்பிச் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். தண்ணீரை வெளியேற்றும் பம்ப், பெல்ட் போன்றவை கையில் இருக்கும், அன்றே மாற்றிவிடலாம். கன்ட்ரோல் போர்டு போயிருந்தால் வரவழைக்க நாளாகும். நீங்கள் எழுதியதை அவர்கள் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள், வாக்குறுதிதான் தவறு. மூன்றாவது கேள்விக்கு “மெஷினை எடுத்துட்டுப் போவாங்களா?” என்றே பலரும் கேட்டால், அந்தப் பயத்துக்கு இரண்டாவது வாக்கியம் பதில் சொல்லவில்லை. ‘செலவை முன்பே’ என்பதைப் போனிலேயே சொல்வார்கள் என்று சிலர் எடுத்துக்கொள்ளவும் கூடும். திருத்திய வடிவம்:

“வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டால், கூப்பிட்ட அன்றே வந்து பார்த்து, உங்கள் வீட்டிலேயே வைத்துச் சரிசெய்கிறோம். பிரித்துப் பார்த்ததும் கோளாறையும் செலவையும் எழுதிக் கொடுப்போம், நீங்கள் சரி என்ற பிறகுதான் பாகத்தை மாற்றுவோம்.”

‘சரியாகாவிட்டால் பணம் வாபஸ்’, ‘கேரண்டி’ என்று ஆசைக்கு இன்னும் இரண்டைச் சேர்த்தால் முதலில் சொன்னது மறந்துபோகும். அடுத்த சுற்றை வேறு ஆட்களிடம் நடத்துங்கள், பழையவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். எட்டுப் பேரில் ஆறு பேராவது உதவியின்றி முக்கிய விஷயத்தைத் திருப்பிச் சொன்னால், வெளியே விடலாம் என்று கொள்ளுங்கள்.

வெளியே விட்ட பிறகு எண்ணிக்கையில் ஏமாறுவது எளிது. பழைய வாக்கியத்துக்கு 20 விசாரிப்பில் 6 பேர் வேலை கொடுத்தார்கள், புதியதற்கு 20-இல் 8 பேர் என்றால் அது வெற்றி இல்லை. இவ்வளவு சிறிய எண்ணில் அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரும். அதையே சதவீதமாக மாற்றி 30, 40 என்று எழுதும்போது மட்டும் பெரிதாகத் தெரியும். 6 என்பது 14 ஆனால் கவனிக்கலாம், அப்போதும் அதே வாரத்தில் விலையையோ விளம்பரம் போகும் இடத்தையோ நீங்கள் மாற்றாமல் இருந்திருக்க வேண்டும்.

சிறு தொழிலுக்கு எண்ணைவிட, வரும் கேள்விகளே நல்ல அளவுகோல். “எடுத்துட்டுப் போவீங்களா?” என்பது நின்று “இன்னைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?” என்பது அதிகமானால் வாக்கியம் வேலை செய்கிறது. உங்களால் செய்ய முடியாத வேலைக்கு அழைப்புகள் கூடினால் முதல் வாக்கியம் இன்னும் அகலமாக இருக்கிறது. வேலை முடித்த வீட்டில் “அன்னைக்கே வருவோம்னு போட்டிருந்தீங்களே” என்ற பேச்சு வந்தால், மெக்கானிக்குகளின் அட்டவணையைச் சரிசெய்ய வேண்டும், அது முடியாவிட்டால் ‘அன்றே’ என்பதை ‘மறுநாளுக்குள்’ என்று மாற்றி மறுபடி ஐந்து பேரிடம் காட்ட வேண்டும்.