கம்பெனி திவாலானால் சம்பள பாக்கி எந்த வரிசையில் நிற்கும்? நம் ஆட்கள் செய்யும் தவறுகள்

பெங்களூரு பீன்யாவில் ஒரு கம்பெனி ஷட்டரை இறக்கிவிட்டால், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்து அங்கே லேத் ஓட்டும் நம் ஆட்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: “இடத்தையும் மெஷினையும் வித்தா, நம்ம சம்பளத்தைத்தானே முதல்ல குடுப்பாங்க?” ஆமாம் என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அதை நம்பி ஊருக்குப் போய்க் காத்திருக்கிறார்கள். இழப்பு அந்தக் காத்திருப்பில்தான் தொடங்குகிறது.

2016-ம் ஆண்டு திவால் சட்டத்தின் 53-வது பிரிவு பணம் பிரியும் வரிசையைச் சொல்கிறது. கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்ற பணத்தில் முதலில் கழிவது அந்த நடவடிக்கைக்கு ஆன செலவு. அடுத்த படியில் தொழிலாளர்களின் 24 மாத பாக்கி இருக்கிறது. ஆனால் அந்தப் படியில் தொழிலாளர் தனியாக நிற்பதில்லை. தன்னிடம் அடமானமாக இருந்த சொத்தைப் பொது விற்பனைக்கு விட்டுக்கொடுத்த பேங்கும் அதே படியில், சம உரிமையோடு நிற்கிறது. மூன்றாவது படியில் மேனேஜர் போன்ற மற்ற ஊழியர்களின் 12 மாத சம்பளம். அரசுக்கு வரவேண்டிய வரி அதற்கும் கீழேதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். விற்ற பணம் 6 கோடி, செலவு 60 லட்சம், மிச்சம் 5.4 கோடி. பேங்குக்கு 10 கோடி வரவேண்டும், தொழிலாளர்களின் 24 மாத பாக்கி 80 லட்சம். இரண்டாவது படியில் மொத்தம் 10.8 கோடி கேட்டு நிற்கிறது, இருப்பது அதில் பாதி. ஆகவே இருவருக்கும் ரூபாய்க்கு 50 பைசா. தொழிலாளர்களுக்கு 40 லட்சம், பேங்குக்கு 5 கோடி. மூன்றாவது படிக்கு ஒரு பைசா கூட இறங்காது. ‘முதல் உரிமை’ என்று சொல்வது நடைமுறையில் இவ்வளவுதான்.

சரி, அந்த 24 மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஷட்டர் இறங்கிய நாளிலிருந்து என்று நினைக்கிறார்கள். கம்பெனியைக் கலைக்கச் சொல்லித் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் உத்தரவு போடும் நாளிலிருந்துதான் சட்டம் பின்னோக்கி எண்ணுகிறது. மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் இருந்த ஒரு லேத் ஆபரேட்டரை எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை வேலை செய்தார், சம்பளம் வரவில்லை. எட்டு மாத பாக்கி 1,44,000. ஆகஸ்ட் கடைசியில் கம்பெனி மூடிவிட்டது. கலைப்பு உத்தரவு வந்தது 2025 மே 20. அங்கிருந்து 24 மாதம் பின்னால் போனால் 2023 மே 20-ல் வந்து நிற்கும். அதற்கு முந்தைய நாலரை மாதச் சம்பளம், ஏறக்குறைய 83,000 ரூபாய், இரண்டாவது படியிலிருந்து நழுவி அரசு வரிக்கும் கீழே ‘இதர கடன்கள்’ என்ற படிக்குப் போய்விடும். அங்கே பணம் இறங்குவதை நான் எதிர்பார்க்க மாட்டேன். மீதி 61,000-க்கு மேலே சொன்ன விகிதத்தில் கிடைப்பது 30,500.

உத்தரவு ஐந்து மாதம் முன்னால், 2024 டிசம்பரில் வந்திருந்தால் எட்டு மாதமும் உள்ளே இருந்திருக்கும். இந்த இடைவெளி எவ்வளவு நீளலாம் என்பதற்கு மும்பையின் ஜெட் ஏர்வேஸைப் பாருங்கள். 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது, அதைக் கலைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பரில்.

அதனால், பேங்க் என்றைக்காவது தீர்ப்பாயம் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தொழிலாளர்களே போகலாம். பலருடைய பாக்கியைச் சேர்த்து அவர்கள் சார்பில் தொழிற்சங்கம் மனு போடலாம் என்று 2019-ல் ஜே.கே. ஜூட் மில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலில் கம்பெனிக்கு டிமாண்ட் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், 10 நாள் கழித்தும் பணம் வராவிட்டால் மனு. தடை ஒன்று இருக்கிறது: 2020 மார்ச்சிலிருந்து பாக்கி குறைந்தது 1 கோடி இருக்க வேண்டும். நாற்பது பேர் உள்ள பட்டறைக்கு அது எட்டாத தொகை. அவர்களுக்கு லேபர் ஆபீஸ் வழிதான், அதையும் உடனே தொடங்க வேண்டும்.

ஆனால் லேபர் கோர்ட்டில் கேஸ் இருக்கிறது, அது போதும் என்று இருந்துவிடக் கூடாது. திவால் மனுவைத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்ட நாளில் கம்பெனி மீதான மற்ற வழக்குகள் எல்லாம் அப்படியே நின்றுவிடும். கையில் சாதகமான தீர்ப்பு இருந்தாலும் அதை வைத்து ஜப்தி செய்ய முடியாது. தீர்ப்பாயம் நியமிக்கும் அதிகாரியிடம் ‘ஃபார்ம் டி’ கொடுத்தால்தான் உங்கள் பெயர் கணக்கில் ஏறும். எல்லோருக்குமாகச் சேர்த்து ஒருவர் கொடுப்பதென்றால் ‘ஃபார்ம் ஈ’. லேபர் கோர்ட் தீர்ப்பு அதற்கு நல்ல ஆதாரமாக உதவும்.

இதற்கான அறிவிப்பு ஓர் ஆங்கிலப் பேப்பரிலும் ஒரு வட்டார மொழிப் பேப்பரிலும் வரும். பெங்களூரில் அது கன்னடப் பேப்பர். நம்மில் பலர் கன்னடம் பேசுவார்கள், படிக்க மாட்டார்கள். ஊருக்குத் திரும்பிப் போனவர் கண்ணில் அது படவே வழியில்லை. அதே அறிவிப்பு ibbi.gov.in தளத்திலும் வருகிறது, அதனால் வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் கம்பெனியின் பதிவுப் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். கடையின் போர்டில் இருக்கும் பெயர் வேறு, பதிவுப் பெயர் வேறாக இருக்கும். சம்பளச் சீட்டில் பாருங்கள். கிளெய்ம் கொடுக்க முதலில் கிடைப்பது 14 நாள். கடைசித் தேதி அறிவிப்பிலேயே இருக்கும். அது தாண்டினாலும், திவால் மனுவைத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து குறைந்தது 90 நாள் வரை வழி உண்டு, அதனால் தேதி போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

ஃபார்ம் நிரப்பும்போது சம்பளம், பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாக எழுதிவிடுகிறார்கள். நான் பார்க்கும் ஃபார்ம்களில் இது அடிக்கடி வருகிறது. பி.எஃப். நிதியிலும் கிராஜுவிட்டி நிதியிலும் தொழிலாளிக்குச் சேரவேண்டிய பணம் கலைப்புச் சொத்தில் சேராது என்று 36-வது பிரிவு சொல்கிறது. அது இந்த வரிசைக்கே வராத பணம், ரூபாய்க்கு 50 பைசா என்ற வெட்டு அதற்குக் கிடையாது. அதைச் சம்பளத்தோடு கலந்து எழுதினால் பிரித்துக் காட்ட நாமே பின்னால் அலைய வேண்டும். தனித்தனி வரியாக எழுதுங்கள். பி.எஃப். பாஸ்புக்கை எடுத்து, சம்பளத்தில் பிடித்த எந்த மாதமெல்லாம் கட்டப்படவில்லை என்று குறித்து, பி.எஃப். அலுவலகத்திலும் புகார் கொடுங்கள்.

கடைசியாக, பதவிப் பெயர். ‘சூப்பர்வைசர்’ என்று அடையாள அட்டையில் போட்டிருப்பதால் தன்னை ஊழியர் என்று எழுதிக்கொடுத்து, இரண்டாவது படியிலிருந்து மூன்றாவது படிக்குத் தானாகவே இறங்கியவர்கள் உண்டு. சட்டம் பார்ப்பது நாள் முழுக்க அவர் உண்மையில் செய்த வேலையை. அவரும் மெஷினில் நின்று பீஸ் ஓட்டியிருந்தால் ஷிஃப்ட் ரிஜிஸ்டர், உற்பத்திச் சீட்டு, கூட வேலை பார்த்தவரின் வாக்குமூலம் எல்லாவற்றையும் இணைத்துத் தொழிலாளி என்றே கிளெய்ம் கொடுக்கலாம். அந்த ரிஜிஸ்டர் பூட்டிய கேட்டுக்குள் இருக்கும். சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போகும்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டவர்களிடம்தான் பிறகு ஆதாரம் இருக்கிறது.