ஆவணத்தில் இருப்பது எந்த லண்டன்? ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்தால் கண்டுபிடிப்பது எப்படி

நண்பர் ஒருவர் பழைய கடிதக் கட்டு ஒன்றை ஸ்கேன் செய்து அனுப்பி, ஒவ்வொன்றும் எங்கிருந்து எழுதப்பட்டது என்று பட்டியல் போட்டுத் தரச் சொன்னார். அதில் 1863-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. தலைப்பில் 'லண்டன், மிடில்செக்ஸ்'. உள்ளே தேம்ஸ் நதி, செயின்ட் பால் தேவாலயம், வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கும் சகோதரர், கிரேட் வெஸ்டர்ன் ரயிலில் வின்ட்சருக்குப் பயணம் என்றெல்லாம் வந்தன. யோசிக்கவே இல்லை, 'இங்கிலாந்து' என்று எழுதிவிட்டேன். தவறு. அது கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள லண்டன். நான் எங்கே சறுக்கினேன், எப்படிச் சரிபார்த்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில், ஏன் இத்தனை லண்டன்?

ஊர்ப்பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதற்குச் சில வழக்கமான காரணங்கள் உண்டு. ஒரே அரசரின் பெயரைப் பல இடங்களுக்கு வைப்பது ஒன்று. கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுன், பினாங்கின் ஜார்ஜ் டவுன் இரண்டுமே மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைக் கொண்டவை. 'புதுக்கோட்டை' என்ற பொருளில் நியூகாசில் என வைப்பதுபோல, பொருள் பொதுவாக இருப்பதாலேயே பல இடங்களில் முளைத்த பெயர்களும் உண்டு. ஆவணம் படிப்பவரை அதிகம் ஏமாற்றுவது மூன்றாவது வகை: குடியேறியவர்கள் பழைய ஊரின் பெயரைக் கையோடு கொண்டுபோவது.

கொண்டுபோகும்போது ஒரு பெயரை மட்டும் கொண்டுபோவதில்லை, அக்கம்பக்கத்தையே அள்ளிக்கொண்டு போகிறார்கள். இன்றைய ஒன்டாரியோவின் தென்பகுதியான மேல் கனடாவின் துணை ஆளுநராக இருந்த ஜான் கிரேவ்ஸ் சிம்கோ, 1793-இல் அங்கே ஓர் ஆற்றுக்குத் தேம்ஸ் என்று பெயரிட்டார். அதன் கரையில் லண்டன் என்ற தலைநகர் அமைய வேண்டும் என்பது அவர் திட்டம். தலைநகர் அமையவில்லை. ஊர் மட்டும் 1826-இல் உருவானது. அந்த ஊர் இருக்கும் மாவட்டத்தின் பெயர் மிடில்செக்ஸ். ஊருக்குத் தெற்கே அன்று வெஸ்ட்மின்ஸ்டர் என்றொரு டவுன்ஷிப், அதாவது மாவட்டத்தின் ஓர் உட்பிரிவு, இருந்தது. ஆக்ஸ்போர்டு தெரு உண்டு, கோவென்ட் கார்டன் சந்தை உண்டு. அங்கேயும் செயின்ட் பால் பேராலயம் இருக்கிறது. ஆற்றோடு போனால் அன்றைய கென்ட் மாவட்டத்தில் சாத்தம் வரும்.

என் கடிதத்தில் நான் 'ஆதாரம்' என்று நினைத்தவை எல்லாம் இரண்டு ஊருக்கும் பொருந்தியதற்குக் காரணம் இதுதான்.

படி 1: எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று பாருங்கள்

வரைபடச் செயலியில் பெயரைத் தட்டாதீர்கள். அது பெரிய ஊரையோ உங்களுக்கு அருகில் இருக்கும் ஊரையோ முதலில் காட்டிவிட்டு, மற்றவை இருப்பதையே சொல்லாது. என் விருப்பம் GeoNames என்ற இடப்பெயர்த் தரவுத்தளம். இலவசம், நாடுவாரியாக எல்லாவற்றையும் வரிசையாகக் கொட்டும். தளத்திலேயே தேடலாம். பட்டியலைச் சேமிக்க வேண்டுமானால் இந்த முகவரியை உலாவியில் ஒட்டுங்கள். கடைசியில் YOURNAME இருக்கும் இடத்தில் உங்கள் GeoNames பயனர் பெயரைப் போடுங்கள்:

```
http://api.geonames.org/searchJSON?name_equals=London&featureClass=P&maxRows=100&username=YOURNAME
```

`featureClass=P` என்றால் மக்கள் வாழும் இடங்கள் மட்டும். அதை விட்டுவிட்டால் விடுதிகளும் கட்டடங்களும்கூட வந்து குவியும். கணக்கு தொடங்கியும் பிழைச் செய்தி வந்தால் பதற வேண்டாம். கணக்குப் பக்கத்தில் இலவச வெப் சர்வீஸைத் தனியாக இயக்க வேண்டும். எனக்கு இதற்கே அரை மணி நேரம் போனது.

சேர்த்தும் பிரித்தும் தேடுங்கள். `Georgetown` வேறு, `George Town` வேறு.

பட்டியலில் கென்டக்கி, ஓஹையோ மாநில லண்டன்கள் எல்லாம் வரும். பசிபிக் நடுவே கிரிபட்டி நாட்டின் கிரிட்டிமாட்டி தீவில்கூட ஒரு லண்டன் இருக்கிறது. அதே தீவில் போலந்து, பனானா என்றும் கிராமங்கள் உண்டு. சரி, வேலைக்கு வருவோம்.

படி 2: ஆவணத் தேதியை வைத்துக் கழியுங்கள்

அந்தத் தேதியில் அந்த ஊர் இருந்ததா, அப்போது அதன் மாவட்டமும் நாடும் எந்தப் பெயரில் இருந்தன என்று பாருங்கள். ஒன்டாரியோ லண்டன் 1855-இல் நகரமானது. எனவே 1863 கடிதத்தில் அதைக் கழிக்க முடியாது. அதுவே 1810 கடிதமாக இருந்திருந்தால் இங்கேயே முடிந்திருக்கும்.

மாவட்டப் பெயருக்கும் வயது உண்டு. இங்கிலாந்தில் 1889-இல் லண்டன் தனிக் கவுண்டி, அதாவது தனி மாவட்டம், ஆனது. அதற்குப் பிறகு நகரின் மையப் பகுதிக்கு யாராவது 'மிடில்செக்ஸ்' என்று எழுதியிருந்தால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பழக்கதோஷத்தில் எழுதியிருக்கவும் கூடும், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

படி 3: இரண்டுக்கும் பொருந்தும் தடயத்தை அடித்துவிடுங்கள்

நான் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். ஒரு தாளில் கடிதத்தில் வரும் இடப்பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'மற்ற ஊரிலும் இது இருக்கிறதா?' என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அடித்துவிடுங்கள். பத்துத் தடயம் ஒரே பக்கம் கைகாட்டுவதுபோல் தோன்றும். ஆனால் பத்தும் ஒரே கப்பலில் வந்த பெயர்களாக இருந்தால் அவற்றின் எடை பூஜ்யம்.

என் தாளில் தேம்ஸ், மிடில்செக்ஸ், செயின்ட் பால், வெஸ்ட்மின்ஸ்டர் நான்கும் போயின. ரயில் பிழைக்கும் என்று நம்பினேன். கிரேட் வெஸ்டர்ன் என்பது இங்கிலாந்தின் புகழ்பெற்ற கம்பெனி அல்லவா? கனடாவிலும் அதே பெயரில் ஒரு ரயில் கம்பெனி ஓடியது. 1853 டிசம்பரில் லண்டனுக்கு வந்து, அடுத்த மாதம் ஒன்டாரியோவிலேயே உள்ள வின்ட்சர் வரை போனது. இங்கிலாந்திலும் அதே பெயர்க் கம்பெனி அங்குள்ள வின்ட்சருக்கு வண்டி விட்டது. அதையும் அடித்தேன்.

பணமும் உதவாது. பவுண்டு என்றால் இங்கிலாந்து என்று முடிவு கட்டாதீர்கள். கனடாவில் 1850-களின் கடைசி வரை கணக்குகளைப் பவுண்டிலும் எழுதினார்கள்.

படி 4: பெயரை விடுங்கள், அளவைப் பாருங்கள்

பெயரைக் கொண்டுபோகலாம், தூரத்தைக் கொண்டுபோக முடியாது. கடிதத்தை மறுபடி எடுத்து, எங்கெல்லாம் தூரம், நேரம், திசை வருகிறது என்று மட்டும் படித்தேன். காலையில் வண்டி ஏறியவர், வின்ட்சர் வந்து சேர்வதற்குள் நூறு மைலுக்கு மேல் உட்கார்ந்து முதுகு போய்விட்டது என்று புலம்பியிருந்தார். இங்கிலாந்தில் லண்டனுக்கும் வின்ட்சருக்கும் இடையே சுமார் 20 மைல்தான். ஒன்டாரியோவில் சுமார் 110 மைல். முதல் வாசிப்பில் இந்த வரியை நான் மிகைப்பேச்சு என்று தாண்டிப் போயிருந்தேன்.

ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் இப்படிப்பட்ட தடயம். இங்கிலாந்துத் தேம்ஸ் கிழக்கே கடலுக்குப் போகிறது. ஒன்டாரியோத் தேம்ஸ் தென்மேற்கே செயின்ட் கிளேர் ஏரிக்குப் போகிறது. இரண்டு தெருக்கள் சந்திக்கும் மூலையும் நல்ல சான்று. ஆக்ஸ்போர்டு தெரு இரண்டு ஊரிலும் உண்டு. ஆனால் ஆக்ஸ்போர்டும் ரிச்மண்டும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் மூலை ஒன்டாரியோ லண்டனில்தான். ஒற்றைத் தெருப்பெயரைத் தேடாமல் ஜோடியாகத் தேடுங்கள்.

படி 5: நிர்வாகச் சொற்களைத் தேடுங்கள்

நில அளவை, பதிவு, தபால் ஆகியவற்றின் சொற்கள் அந்தந்த நாட்டு அலுவலக நடைமுறையில் பிறந்தவை. சகோதரரின் முகவரியில் 'லாட் 14, கன்செஷன் 3' என்று இருந்தது. ஒன்டாரியோவில் ஒரு டவுன்ஷிப்பை நீளமான பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் கன்செஷன் என்று எண்ணிட்டு, அதற்குள் லாட்களாக வெட்டுவார்கள். இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் யாரும் இப்படி முகவரி எழுதமாட்டார்கள்.

வெட்கத்தோடு சொல்ல வேண்டியது இன்னொன்று. தலைப்பில் மங்கலாக `C.W.` என்று இரண்டு எழுத்துகள் இருந்தன. இங்கிலாந்து லண்டனில் 1850-களின் இறுதியில் வந்த தபால் வட்டாரங்களில் ஒன்று `W.C.`, அதாவது மேற்கு மத்தி. எழுதியவர் மாற்றி எழுதிவிட்டார் என்று நானே 'திருத்தி' வைத்துக்கொண்டேன். `C.W.` என்பது கனடா வெஸ்ட். 1841 முதல் 1867 வரை ஒன்டாரியோவுக்கு அதுதான் பெயர். அதற்கு முன்னால் மேல் கனடாவைக் குறிக்கும் `U.C.`, பின்னால் `Ont.` என்று பார்க்கலாம். ஆவணத்தில் இருப்பதை முதலில் இருக்கிறபடியே படியெடுத்துக்கொள்ளுங்கள். திருத்துவதெல்லாம் பிறகு, தனி வரியில்.

படி 6: குறித்து வைப்பது

பெயரை மட்டும் எழுதினால் அடுத்து வருபவருக்கு அதே குழப்பம்தான். பட்டியலில் நான்கு விஷயம் எழுதுகிறேன்: ஆவணத்தில் உள்ள எழுத்துகள் அப்படியே, இன்றைய ஊர் மற்றும் நாடு, GeoNames எண், முடிவுக்குக் காரணமான தடயம். இங்கிலாந்து லண்டனின் எண் 2643743, ஒன்டாரியோவினுடையது 6058560. தீர்மானிக்கும் தடயம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையா? இரண்டு எண்களையும் போட்டு 'உறுதியாகவில்லை' என்று எழுதுங்கள்.

பின்சேர்க்கை 1: இன்றைய ஆவணமாக இருந்தால் தபால் குறியீடு போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாலும் போதும், முழுதாக இருந்தால். பாதி கிழிந்து 'லண்டன் N6' என்று மட்டும் நின்றால் மறுபடி வம்பு. இங்கிலாந்தில் N6 என்பது ஹைகேட் பகுதி. ஒன்டாரியோ லண்டனின் பல குறியீடுகளும் N6 என்றே தொடங்குகின்றன. மூன்றாவது எழுத்து கொஞ்சமாவது தெரிந்தால் அதைப் பாருங்கள். N6A என்று 6-ஐ ஒட்டி ஓர் எழுத்து வந்தால் கனடா. N6 முடிந்து இடைவெளி விட்டு ஓர் இலக்கம் வந்தால் இங்கிலாந்து.

பின்சேர்க்கை 2: 'London, CA' என்று ஒரு விரிதாளில் இருப்பதாக இன்னொருவர் எழுதினார். CA என்பது நாட்டுக் குறியீடாக இருந்தால் கனடா, அமெரிக்க மாநிலச் சுருக்கமாக இருந்தால் கலிபோர்னியா. கலிபோர்னியாவின் டுலாரே கவுண்டியிலும் ஒரு சிறிய லண்டன் இருக்கிறது என்பதால், சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. அதே பத்தியில் மற்ற வரிகளைப் பார்க்கச் சொன்னேன். கீழே 'Paris, FR' என்றும் 'Berlin, DE' என்றும் இருந்ததாம். மாநிலச் சுருக்கமாக FR என்று எதுவும் இல்லை. ஆக, அந்தப் பத்தி நாட்டுக் குறியீட்டுப் பத்தி.