காலையில் பூட்டிக்கொள்ளும் மோதிர விரல்: சமைப்பவர்கள் என்ன செய்யலாம்?

தூங்கி எழுந்து கையை விரித்தால் மற்ற விரல்கள் விரிகின்றன, மோதிர விரல் மட்டும் மடங்கியபடியே நிற்கிறது. இன்னொரு கையால் நிமிர்த்தினால் 'டக்'கென்று ஒரு சொடுக்கு, கூடவே சுருக்கென்று வலி. இதுதான் ட்ரிகர் ஃபிங்கர். பிசியோதெரபிஸ்டான என்னிடம் இதற்காக வருகிறவர்களில் தினமும் வீட்டில் சமைப்பவர்கள் நிறைய.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வலி விரலின் நடு மூட்டில் தெரிவதால் எல்லோரும் அங்கேதான் தைலம் தேய்க்கிறார்கள். கோளாறு அங்கே இல்லை. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, மோதிர விரலுக்கு நேர் கீழே ஓடும் குறுக்குக் கோட்டை மறுகைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே விரலை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். தொட்டால் வலிக்கும் ஒரு சின்னப் பட்டாணி உள்ளே நகர்வது தெரிந்தால், அதுதான் இடம்.

விரலை மடக்கும் தசைநாண் அங்கே ஒரு வளையத்துக்குள் நுழைகிறது. கத்திப்பிடியும் கனமான வாணலியின் கைப்பிடியும் அழுத்துவது சரியாக அதே இடத்தில்தான். வளையம் தடித்து, தசைநாணிலும் ஒரு முடிச்சு விழுந்துவிட்டால், அது ஊசிக்காதில் சிக்கிய முடிச்சுபோட்ட நூல்தான். மடக்கும் தசைக்குப் பலம் அதிகம், முடிச்சை இழுத்து அந்தப் பக்கம் கொண்டுபோய்விடும். நிமிர்த்தும் தசையால் திரும்பக் கொண்டுவர முடிவதில்லை. இரவு முழுக்க விரல் அசையாமல் மடங்கிக் கிடப்பதால் அங்கே நீர் கோத்து வீங்கிவிடுகிறது. அதனால்தான் காலையில் மோசம், போகப்போகப் பரவாயில்லை.

சரி, காலையில் என்ன செய்வது? வெடுக்கென்று இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் கையை 5 நிமிடம் வைத்திருந்து, நீருக்குள்ளேயே மறுகையால் மெல்ல நிமிர்த்துங்கள். அப்புறம் வலிக்காத அளவுக்கு 10 தடவை மடக்கி நீட்டினால் போதும். பலம் வரட்டும் என்று ரப்பர் பந்தை அமுக்குவார்கள் பாருங்கள், அதை மட்டும் செய்யவே கூடாது. புண்பட்ட வளையத்துக்குள் முடிச்சை இன்னும் அழுத்தித் தேய்ப்பதுதான் அது.

அடுத்தது இரவு ஸ்ப்ளிண்ட். விரல் மடங்காமல் தாங்கிப் பிடிக்கும் பட்டை இது, மருந்துக் கடைகளில் கிடைக்கும். இறுக்கிக் கட்டாதீர்கள். நுனி வெளுத்தாலோ மரத்தாலோ தளர்த்திவிடுங்கள். குறைந்தது 6 வாரம் போட வேண்டும். சமையலில் கத்திப்பிடியைத் துணி சுற்றித் தடிமனாக்குங்கள், வாணலியை இரண்டு கையால் தூக்குங்கள், ஒரேயடியாக நறுக்காமல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை கையை விரித்துவிடுங்கள். ஈரத்துணி பிழிவதை வேறு யாரிடமாவது தள்ளிவிடுங்கள்.

என்னிடம் வந்த 52 வயது அம்மா ஒருவர் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தார். மூன்றாவது வாரம் பூட்டுவது நின்றது, சொடுக்கு மட்டும் மிச்சம். குணமாகிவிட்டது என்று ஸ்ப்ளிண்டைக் கழற்றி வைத்தார். பத்தே நாளில் விரல் பழையபடி பூட்டிக்கொண்டது. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அது இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் வரும், பிடிவாதமாகவும் இருக்கும்.

அவரை எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். வளையத்தருகே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசியோடு சரியாகிவிடும், சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த வாய்ப்பு குறைவு. ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்று முன்பே சொல்லியிருந்ததால், வெறும் வயிற்றில் 130 இருந்தது 210 ஆனபோது அவர் பதறவில்லை. ஐந்தாம் நாள் இறங்கிவிட்டது. விரலும் விட்டுக்கொடுத்தது.

எல்லா விறைப்பும் இதுவல்ல. இரண்டு கையிலும் பல விரல்கள் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் முடக்குவாதப் பரிசோதனை தேவை. கத்தி குத்திய விரல் முழுக்க வீங்கி, லேசாக நீட்டினாலே உயிர் போகிற வலி என்றால், அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஊசிக்கும் மசியாவிட்டால், அல்லது மறுகையாலும் நிமிர்த்த முடியாமல் விரல் நின்றுவிட்டால், அறுவை சிகிச்சைதான். உள்ளங்கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, சின்னக் கீறல் வழியாக அந்த வளையத்தை வெட்டி விடுவார்கள். அன்றே வீடு திரும்பலாம், அன்றிலிருந்தே விரலை அசைக்கவும் வேண்டும். இரண்டு வாரத்துக்குள் தையல் பிரிப்பார்கள். அதுவரை அந்தக் கை ஈரம் படக்கூடாது, பாத்திரம் கழுவுவது உட்பட.