‘மேனேஜர் ஒரு சுவர்’: தளர்பேச்சையும் உருவகத்தையும் பொருத்தப்பாட்டுக் கோட்பாட்டின்படி பிரித்துப் பார்ப்பது எப்படி?

மணி 4:57. ஒருவர் நேரம் கேட்கிறார். “அஞ்சு” என்கிறோம். அவரும் தலையாட்டிவிட்டுப் போகிறார். பொய் சொன்னோம் என்று நமக்கும் தோன்றுவதில்லை, ஏமாந்தோம் என்று அவருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் சொன்னது உண்மையும் இல்லை. இந்த மூன்று நிமிட இடைவெளியில்தான் பொருத்தப்பாட்டுக் கோட்பாட்டுக்கான கதவு திறக்கிறது. இங்கிருந்து தொடங்கி ஒரு முழு உருவகத்தைப் பிரித்துக் காட்டும் வரை படிப்படியாகப் போவோம்.

படி 1: கிரைஸ் எங்கே சிக்குகிறார் என்று பாருங்கள்

தத்துவவாதி பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில், உரையாடல் என்பது ஒரு கூட்டுறவு என்றார். தேவையான அளவு சொல், உண்மையைச் சொல், தொடர்புள்ளதைச் சொல், தெளிவாகச் சொல் என்று நான்கு வகை நெறிகளை வகுத்தார். நமக்கு இங்கே முக்கியமானது உண்மை நெறி: பொய் என்று நீயே நம்புவதைச் சொல்லாதே.

உருவகத்துக்கு அவர் தந்த விளக்கம் இது. பேசுபவர் உண்மை நெறியை வெளிப்படையாக மீறுகிறார். கேட்பவர் அந்த மீறலைக் கவனிக்கிறார். “இவர் ஒத்துழைக்காமல் போகிற ஆள் இல்லையே, வேறு எதையோ குறிப்பால் சொல்கிறார்” என்று ஊகித்து உட்பொருளுக்குப் போகிறார்.

இந்த விளக்கத்தில் ‘அஞ்சு’ எங்கே உட்காரும்? அது உண்மை இல்லை, ஆகவே நெறி மீறல். ஆனால் கேட்டவர் எந்த மீறலையும் கவனிக்கவில்லை, எந்த உட்பொருளையும் தேடவில்லை. அதை ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. கிரைஸின் வீட்டில் இப்படிப்பட்ட தளர்பேச்சுக்கு அறையே இல்லை.

உருவகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. முதலில் நேர்ப்பொருளைச் சோதித்து, அது பொய் என்று கண்டு, பிறகுதான் உருவகப் பொருளுக்குப் போகிறோம் என்றால், நேர்ப்பொருளை மட்டும் பார்க்கச் சொன்னால் உருவகம் குறுக்கே வரக்கூடாது. 1982இல் உளவியலாளர் கிளக்ஸ்பெர்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். வாக்கியம் நேர்ப்பொருளில் உண்மையா பொய்யா என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். உருவகமாகப் பொருள் தரும் வாக்கியங்களைப் பொய் என்று நிராகரிக்கக் கூடுதல் நேரம் பிடித்தது. அதாவது, வேண்டாம் என்றாலும் உருவகப் பொருள் தானாக வந்து நிற்கிறது.

படி 2: நெறிகளை வைத்துவிட்டுத் தராசை எடுங்கள்

மானிடவியலாளர் டான் ஸ்பெர்பரும் மொழியியலாளர் டியர்ட்ரி வில்சனும் 1986இல் முன்வைத்த மாற்றுதான் பொருத்தப்பாட்டுக் கோட்பாடு. அதில் நெறிகளே கிடையாது. ஒரு தராசு மட்டும் உண்டு. ஒரு தட்டில் பலன், இன்னொன்றில் உழைப்பு.

பலன் என்றால், கேட்டது நம் மனத்தில் ஏற்கெனவே இருப்பதோடு சேர்ந்து செய்யும் மாற்றம். புதிய முடிவு ஒன்று கிடைக்கலாம், இருந்த நம்பிக்கை உறுதிப்படலாம், அல்லது இருந்தது தவறென்று விழலாம். உழைப்பு என்றால் அந்த மாற்றத்துக்கு வர மனம் செலவிடும் சிரமம். பலன் கூடக்கூடப் பொருத்தப்பாடு கூடும், உழைப்பு கூடக்கூட அது குறையும்.

ஒருவர் நம்மிடம் வாய் திறந்தாலே, “நீ கேட்க எடுக்கும் சிரமத்துக்குத் தகுந்த பலன் இதில் உண்டு” என்று சொல்லாமல் சொல்கிறார். அதனால் கேட்பவரின் வேலை எளிது. முதலில் கைக்கு வரும் பொருளை எடு, எதிர்பார்த்த பலன் கிடைக்கிறதா பார், கிடைத்ததும் நிறுத்து. இந்த ‘நிறுத்து’தான் கோட்பாட்டின் உயிர். தொடக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

‘அஞ்சு’ இப்போது எளிதாகிவிடுகிறது. 4:57 என்றாலும் 5:00 என்றாலும் கேட்டவருக்குக் கிடைக்கும் முடிவுகள் ஒன்றே. ‘அஞ்சு’ என்றால் உழைப்பு குறைவு, அதனால் அதுவே பொருத்தமான பதில். அவருக்கு 4:59க்கு ரயில் என்றால் கதை வேறு. அங்கே ‘அஞ்சு’ என்றால் ரயில் போய்விட்டது என்ற தவறான முடிவுக்கு வருவார். தளர்வுக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையைப் போடுவது நிமிடக் கணக்கு அல்ல, பின்விளைவுதான்.

இது வெறும் ஊகமும் அல்ல. வான் டெர் ஹென்ஸ்ட், கார்ல்ஸ், ஸ்பெர்பர் மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பாரிஸில் வழிப்போக்கர்களிடம் மணி கேட்டார்கள். டிஜிட்டல் கடிகாரம் கட்டியிருந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் நேரத்தை முழுமையாக்கியே சொன்னார்கள். திரையில் தெரியும் எண்ணை அப்படியே படிப்பதுதான் அவர்களுக்குச் சுலபம். ஆகவே முழுமையாக்கியது கேட்பவரின் வசதிக்காக என்று தெரிகிறது. கடிகாரத்தைச் சரிசெய்யத்தான் கேட்கிறேன் என்று சொன்னபோது துல்லியம் கூடியது.

படி 3: ஒரே சொல்லைத் தளர்த்திக்கொண்டே போங்கள்

‘காலி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

டேங்குக்குள் இறங்கிச் சுத்தம் செய்யப் போகிறவரிடம் “டேங்க் காலி” என்றால், உள்ளே தண்ணீரே இல்லை என்று பொருள். குளிக்கப் போகிறவரிடம் அதையே சொன்னால், அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் கிடந்தாலும் பேச்சு சரிதான். “பஸ் காலியா வந்துச்சு” என்றால் ஏழு பேர் உட்கார்ந்திருக்கலாம், நமக்கு இடம் கிடைத்தது என்பதே செய்தி. “லீவு விட்டதும் ஊரே காலி” என்பது மிகைப்படுத்தல். “அவ போனதுலேர்ந்து வீடு காலி” என்று மூன்று பேர் இருக்கும் வீட்டைச் சொன்னால் அது உருவகம்.

இந்த வரிசையில் எங்கே கோடு போடுவீர்கள்? தோராயம் எங்கே முடிகிறது, மிகை எங்கே தொடங்குகிறது? போட்டுப் பாருங்கள், கை தயங்கும். கோடு இல்லை என்பதுதான் கோட்பாட்டின் வாதம். முதல் இடத்தில் அகட்டத் தேவையில்லை. மற்ற நான்கிலும் நடப்பது ஒரே வேலை: கேட்பவர் ‘காலி’யின் அகராதிப் பொருளைத் தேவையான அளவுக்கு அகட்டி, அந்த நேரத்துக்கு மட்டுமான ஒரு கருத்துருவைச் செய்துகொள்கிறார். அதைக் காலி* என்று உடுக்குறி போட்டு எழுதுவது வழக்கம். (அகட்டுவது போலவே சுருக்குவதும் உண்டு. “அவர் குடிப்பார்” என்றால் யாரும் தண்ணீரை நினைப்பதில்லை.)

படி 4: ஓர் உருவகத்தை முழுதாகப் பிரியுங்கள்

அலுவலகத்தில் இரண்டு பேர்.

“லீவு கேட்டியா? என்ன ஆச்சு?”
“மேனேஜர் ஒரு சுவர்.”

முதலில், கேட்டவர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஒரு வரியில் எழுதுங்கள். லீவு கிடைத்ததா இல்லையா என்பதுதான். பதிலின் பலன் இந்த இடத்தைத் தொட்டாக வேண்டும்.

அடுத்து, ‘சுவர்’ என்றதும் மனத்தில் எழுபவற்றை எழுதுங்கள். செங்கல், பூச்சு, ஆணி, பேசினால் பதில் வராது, தள்ளினால் அசையாது, முட்டினால் நமக்குத்தான் வலி, மறைப்பாக நிற்கும், பாரம் தாங்கும். எல்லாம் ஒரே வேகத்தில் எழுவதில்லை. ‘லீவு கேட்டியா’ என்ற கேள்வி ‘கேட்பது, மசிவது, மறுப்பது’ என்ற பக்கத்தை ஏற்கெனவே சூடாக்கி வைத்திருக்கிறது. அதனால் ‘பேசினால் பதில் வராது’, ‘அசையாது’ இரண்டும் முன்னால் வருகின்றன. செங்கலும் பூச்சும் பின்தங்குகின்றன.

மூன்றாவதாக, முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். எதிர்பார்க்கும் முடிவு ‘லீவு கிடைக்கவில்லை’. அதற்கு என்ன வேண்டும்? ‘எவ்வளவு கேட்டாலும் அசையாதவரிடம் லீவு பெயராது’ என்ற பொதுஅறிவு வேண்டும். அதோடு, மேனேஜர் அப்படிப்பட்டவர் என்று சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஆகவே சுவர்* என்பது ‘யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காத, அசையாத ஒன்று’. முடிவு சொல்லின் பொருளைத் திருத்துகிறது, திருத்திய பொருள் முடிவைத் தாங்குகிறது. தாளில் வரிசையாக எழுதினாலும் மனத்தில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

நான்காவது, நிறுத்துங்கள். பலன் கிடைத்துவிட்டது. ‘பாரம் தாங்கும்’ வரை போக வேண்டியதில்லை.

இப்போது கேள்வியை மட்டும் மாற்றுங்கள்.

“மேலிடத்துலேர்ந்து செம திட்டாமே, உங்க டீம் எப்படித் தப்பிச்சுது?”
“மேனேஜர் ஒரு சுவர்.”

அதே மூன்று சொற்கள்தான். ஆனால் இப்போது முன்னால் வருபவை ‘மறைப்பாக நிற்கும்’, ‘தாங்கும்’. கிடைக்கும் கருத்துரு சுவர்** என்ற வேறொன்று, குறை பாராட்டாகிவிட்டது. உண்மை நெறி இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் மீறப்பட்டிருக்கிறது. எந்தப் பொருளுக்குப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அந்த மீறல் சொல்வதில்லை. தராசு சொல்கிறது.

கடைசியாக ஒன்று கேளுங்கள்: “லீவு தரல” என்றே சொல்லியிருக்கலாமே? உருவகம் கூடுதல் உழைப்பு கேட்கிறது, அதற்குக் கூடுதல் கூலியும் தர வேண்டும். மறுபடி கேட்டுப் பயனில்லை, நீ கேட்டாலும் இதே கதிதான், நான் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுவிட்டேன், எனக்குச் சலித்துவிட்டது. இவற்றில் எதையும் பேசியவர் அடித்துச் சொல்லவில்லை. இவை மெலிந்த உட்பொருள்கள். சிலவற்றைக் கேட்பவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார். நல்ல கவிதை உருவகத்தில் மெலிந்தவை கொத்தாக வரும், தேய்ந்த உருவகத்தில் ஒன்றிரண்டோடு நின்றுவிடும்.

படி 5: உங்கள் பகுப்பாய்வைச் சோதியுங்கள்

‘பொருத்தப்பாடு’ என்பதைத் ‘தலைப்பை ஒட்டிப் பேசுவது’ என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் தடம் புரளும். பேச்சை அடியோடு திருப்பிவிடும் ஒரு வாக்கியமும் பலன் தந்தால் பொருத்தமானதே.

இன்னொரு தவறு கண்ணில் படாதது. பொருள் நமக்கு முன்பே தெரியும். அதற்கேற்பப் ‘பலன் அதிகம், உழைப்பு குறைவு’ என்று பின்னாலிருந்து பொருத்திவிடலாம். அப்படிச் செய்தால் எதையும் விளக்கலாம், ஆகவே எதுவும் விளங்காது. தப்பிக்க வழி, மேலே செய்தது போலச் சூழலில் ஒன்றே ஒன்றை மாற்றுவது. பொருள் எந்தப் பக்கம் நகரும் என்று முன்கூட்டி எழுதிவிட்டு, பிறகு நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

சுவர்*ஐ ஒற்றைச் சொல்லால் (‘பிடிவாதக்காரர்’) பெயர்த்துவிடுவதும் பிழை. பிடிவாதக்காரர் எதிர்த்துப் பேசலாம், சுவர்* பேசாது.

கோட்பாட்டிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. சுவர் அசையாதது கல்லும் மண்ணுமாக, மேனேஜர் அசையாதது மனத்தளவில். உடல் அசைவிலிருந்து மன அசைவுக்கு எப்படித் தாவினோம்? ‘அசை’ என்ற சொல்லே இரண்டுக்கும் பொதுவாக அகட்டப்பட்டது, மீதியை ஊகம் பார்த்துக்கொள்ளும் என்பது ஸ்பெர்பர், வில்சன் தரும் பதில். இது சிக்கலை ஒரு படி பின்னால் தள்ளுகிறதே தவிர முழுதாக அவிழ்க்கவில்லை என்று விமர்சகர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நீண்டு செல்லும் கவிதை உருவகங்களிலும் இந்த முறை திணறுகிறது. அங்கே வரிக்கு வரி புதுக் கருத்துரு செய்வதைவிட, நேர்ப்பொருள் காட்டும் உலகத்தையே சிறிது நேரம் மனத்தில் நிறுத்தி, அதை மொத்தமாகப் பார்க்கிறோம் என்று, இதே கோட்பாட்டில் வேலை செய்யும் ராபின் கார்ஸ்டன் 2010இல் இரண்டாவது வழி ஒன்றை முன்வைத்தார். ஆகவே பயிற்சிக்கு முதலில் ‘சுவர்’ போன்ற ஒற்றைச் சொல் உருவகங்களை எடுங்கள், கவிதையைப் பிறகு தொடலாம்.