நெட் ஸ்லோனு ரூட்டர் ஸ்கிரீன்ஷாட் அனுப்புறப்போ பண்ற தப்புங்க

"நெட் ஏன் இவ்ளோ ஸ்லோ, கொஞ்சம் பாத்து சொல்லுங்க"னு ஸ்கிரீன்ஷாட் வந்தா அது பெரும்பாலும் ரூட்டர் செட்டிங்ஸ்ல வெளிய இருந்து வர்ற லைனோட விவரம் காட்டுற WAN பக்கமாத்தான் இருக்கும். Connected-னு இருக்கும், கீழ ஐபி, டிஎன்எஸ், MTU 1492. லைன் உயிரோட இருக்குனு மட்டும்தான் அது சொல்லுது, ஏன் ஸ்லோனு அதுல எங்கயும் இல்ல.

ஆனா அதை வச்சே வைத்தியம் ஆரம்பிச்சிடுறாங்க. டிஎன்எஸ் மாத்துனா சைட் திறக்க ஆரம்பிக்கிற நேரம் கொஞ்சம் குறையலாம், டவுன்லோட் ஸ்பீடு ஏறாது. MTU 1492 இருக்கே, ஒரு பாக்கெட்ல எத்தனை பைட் போகலாம்ங்கிற அளவு அது, அதை 1500 ஆக்குனு சிலர் சொல்லுவாங்க, தயவுசெஞ்சு தொடாதீங்க, யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு கனெக்ட் ஆகுற PPPoE லைன்ல 8 பைட் அதுக்கே போயிடும், அதனால 1492-தான் சரியான நம்பர். ஐபி 100.72-னு ஆரம்பிக்குதேனு பயப்படவும் வேணாம், ஒரே பப்ளிக் ஐபிய நிறைய வீட்டுக்கு பகிர்ந்து குடுக்குறாங்க, அவ்ளோதான்.

ஒரு கேஸ் சொல்றேன். தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் வீட்ல 200 எம்பிபிஎஸ் பிளான், ஹால்ல ஃபைபர் பாக்ஸ், அங்கிருந்து லேன் கேபிள் போட்டு பெட்ரூம்ல இன்னொரு ரூட்டர். பெட்ரூம்ல எப்போ டெஸ்ட் பண்ணாலும் 93, 94, அதுக்கு மேல ஏறவே இல்ல, காலையில போட்டாலும் அதே, நடுராத்திரி போட்டாலும் அதே. இப்படி 95-க்கு கீழ ஒரே இடத்துல நின்னுச்சுனா WAN பக்கத்தை விட்டுட்டு லேன் போர்ட் ஸ்டேட்டஸ் பக்கத்தை தான் திறக்கணும். அண்ணனை அதை எடுத்து அனுப்ப சொன்னேன், LAN1-க்கு நேரா 100M Full-னு இருந்துச்சு, 1000M இருக்க வேண்டிய இடம் அது.

கேபிளுக்குள்ள 4 ஜோடி கம்பி இருக்கு, 100-க்கு 2 ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நாலுமே வேணும். மிச்ச ரெண்டு ஜோடில ஒரு கம்பி கிளிப்புல சரியா ஒட்டலைனாலும் ரெண்டு பக்கமும் 100-க்கு இறங்கி பேசிக்கும், லைட்டும் எரியும், நெட்டும் ஓடும், அதான் யாருக்கும் சந்தேகமே வராது. அண்ணன் வேற கேபிள் மாத்துனதும் 1000M ஆச்சு, பெட்ரூம்லயும் 190-க்கு மேல வந்துச்சு. கேபிள் மாத்தியும் 100-லயே நின்னா போர்ட்டை பாருங்க, சில பாக்ஸ்ல ஒரு போர்ட் மட்டும்தான் ஜிகாபிட், மலிவு ரூட்டர்ல ஒண்ணுகூட இருக்காது.

வைஃபைல மட்டும் ஸ்லோனா கனெக்ட் ஆன டிவைஸ் லிஸ்ட் வேணும். அதுல உங்க போனோட லிங்க் ஸ்பீடு 2.4G-ல 65 இல்லனா 72 எம்பிபிஎஸ்னு காட்டுச்சுனா, கைக்கு வர்றது அதுல பாதிக்கு கொஞ்சம் மேலதான், 500 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் அது மாறாது. 5G வைஃபைக்கு மாத்தி ரூட்டர் பக்கத்துல நின்னு டெஸ்ட் பண்ணி பாருங்க.

அப்புறம் Rx Power, ஃபைபர்ல உங்க பாக்ஸுக்கு வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவு. இதை தலைகீழா படிக்கிறவங்க நிறைய. மைனஸ் நம்பர் அது, -19 dBm நல்லது, -27 மோசம். சாதாரண ஃபைபர் லைன்ல -25 வரைக்கும் கவலை இல்ல, -27 தாண்டுனா விட்டு விட்டு கட் ஆகும், LOS லைட் சிவப்பா மின்னும், அப்போ கம்பெனிக்காரங்கள கூப்புடுங்க. ஆனா -19 இருந்து கட் ஆகாம ஸ்லோவா மட்டும் இருந்தா வீட்டுக்கு வர்ற ஃபைபர் கம்பிமேல பழி போடாதீங்க.

இன்னொரு தப்பு, எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்குறது இதுதான்: எதையும் மறைக்காம அப்படியே அனுப்புறது. PPPoE யூசர்நேம், பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு, சீரியல் நம்பர், MAC, பப்ளிக் ஐபி, இதெல்லாம் மத்தவங்க பாக்க வேண்டியதே இல்ல. போன்ல இருக்குற ஹைலைட்டர் பேனாவால மேல தேச்சா பத்தாது, பிரைட்னஸ் ஏத்துனா உள்ள இருக்குறது தெரிய வாய்ப்பு இருக்கு, கெட்டியான கருப்பு கட்டம் போட்டு மூடுங்க. இல்லனா அந்த வரியவே வெட்டிடுங்க, ஆனா போர்ட் பேரையும் சேத்து வெட்டிட்டு வெறும் 100M-னு மட்டும் அனுப்பாதீங்க, எந்த போர்ட்னு தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாது.

படத்தோட கூட நாலு விஷயம் டைப் பண்ணுங்க: என்ன பிளான், டெஸ்ட்ல எவ்ளோ வருது, வைஃபையா கேபிளா, எல்லா நேரமும் ஸ்லோவா இல்ல ராத்திரி மட்டுமா. ஃபைபர் பாக்ஸ்ல நேரா கேபிள் குத்தி லேப்டாப்ல டெஸ்ட் பண்றப்போ போர்ட் 1000M காட்டியும் ராத்திரி 8-ல இருந்து 11 வரைக்கும் மட்டும் ஸ்பீடு இறங்குதுனா நெரிசல் கம்பெனிக்காரங்க பக்கம், அதுக்கு எந்த செட்டிங்ஸ் பக்கத்துலயும் பதில் கிடைக்காது, மத்தியானம் ஒண்ணு ராத்திரி ஒண்ணுனு டெஸ்ட் எடுத்து அந்த ரெண்டையும் வச்சு கம்ப்ளைன்ட் போடுங்க.