புதிய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் முதல் அறிமுகச் செய்தி எழுதுவது எப்படி?

சென்ற மாதம் புதிய அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். கூச்ச சுபாவம் உள்ள எனக்கு, குழுவில் ஐந்து வரி எழுதி அனுப்ப அரை நாள் ஆயிற்று. நான் செய்த முறையை அப்படியே தருகிறேன்.

எழுதத் தொடங்கும் முன் உங்கள் வாட்ஸ்அப் சுயவிவரப் பெயரைப் பாருங்கள். உங்கள் எண்ணைச் சேமித்து வைக்காதவர்களுக்கு அந்தப் பெயர்தான் தெரியும். அங்கே வீட்டுச் செல்லப்பெயரோ வெறும் பூப்படமோ இருந்தால், உண்மையான பெயரை இட்டுவிடுங்கள்.

அடுத்து, செய்தியைக் குழுவில் தட்டச்சு செய்யாமல், உங்கள் எண்ணுக்கே செய்தி அனுப்பும் வசதியில் எழுதி, நகலெடுத்து ஒட்டுங்கள். நான் தடுமாறியது இங்கேதான். கைப்பேசியில் என்டர் விசை பெரும்பாலும் அடுத்த வரிக்குக் கொண்டுபோகும். கணினியிலோ அதே விசை செய்தியை அனுப்பிவிடும். "வணக்கம்" என்று எழுதி என்டரைத் தட்டியதும் அந்த ஒரு சொல் மட்டும் குழுவுக்குப் போய்ச் சேர, நான் பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே "யாருங்க?" என்று பதில் வந்துவிட்டது. கணினியில் வரி மாற்ற ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு என்டரைத் தட்ட வேண்டும். ஆனாலும் தனியே எழுதி ஒட்டுவதையே நான் விரும்புகிறேன். அனுப்புவதற்கு முன் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க முடிகிறது.

இனிச் செய்தி. எடுத்துக்காட்டுக்கு:

"வணக்கம். நான் கயல்விழி, கணக்குப் பிரிவில் இன்று சேர்ந்திருக்கிறேன். இதற்கு முன் ஈரோட்டில் ஒரு நூல் மில்லில் மூன்று ஆண்டுகள் கொள்முதல் பில்களைப் பார்த்துவந்தேன். தொடக்கத்தில் கொஞ்சம் அமைதியாக இருப்பேன். பழகப் பழக நன்றாகப் பேசுவேன். இன்று மதியம் என்னைத் தம்முடன் சாப்பிட அழைத்துச் சென்ற மாலதி அக்காவுக்கு நன்றி."

கைப்பேசி அறிவிப்பில் தொடக்கம் மட்டுமே தெரியும் என்பதால், பெயரும் பிரிவும் முதலிலேயே வந்துவிட வேண்டும். கூச்சத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும். "தவறு இருந்தால் மன்னிக்கவும்" என்று சேர்த்தால், படிப்பவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும். அன்பு தெரிவது கடைசி வரியில்தான். "அனைவருக்கும் நன்றி" என்பதைவிட, அன்று உண்மையாகவே உதவிய ஒருவரின் பெயரைச் சொல்வது நெருக்கமானது. அதற்காகவே காலையில் அவசரப்படாமல் மதிய உணவுக்குப் பிறகு அனுப்பச் சொல்கிறேன். அவரை அக்கா என்பதா, மேடம் என்பதா என்பதைப் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்துப்பிழை கண்ணில் பட்டால், 15 நிமிடங்களுக்குள் செய்தியை அழுத்திப் பிடித்துத் திருத்தலாம். அழிக்காதீர்கள், அழித்த தடம் குழுவில் தெரியும், என்ன எழுதியிருந்தீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள்.

பிற்சேர்க்கை: மேலாளரே முந்திக்கொண்டு அறிமுகம் செய்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். மேலாளருடைய செய்தியை வலப்புறம் இழுத்து, அதற்கு மறுமொழியாகவே உங்கள் செய்தியை இடுங்கள். அவர் சொல்லிவிட்ட பெயரையும் பிரிவையும் விட்டுவிட்டு, "நன்றி சார்" என்று தொடங்கி, மற்ற வரிகளை மட்டும் எழுதினால் போதும்.